தழும்பில்லாத கண்

எங்க மாமியார் ஒரே பிரசவத்துல ரெண்டு பிள்ளை பெத்தாங்க. ரெண்டும் ஒரே அச்சு. பத்து நிமிஷம் முந்தி வந்தவரு எனக்கு வாச்சாரு, பிந்தி வந்தவரு என் ஓரகத்திக்கு வாச்சாரு. என்னுது பஸ் டிரைவர். அவளுது பேக்கரி. ஐம்பத்தஞ்சு வயசாகியும் தெருவுல போறவங்க இன்னும் ஆள் மாத்தித்தான் நலம் விசாரிக்கிறாங்க. எங்க வீட்டுக்காரருகிட்ட வந்து "நேத்து பன் கொஞ்சம் காய்ஞ்சு போச்சுங்க"ன்னு சொல்லுவாங்க. அவரும் "நாளைக்குச் சரி பண்ணிடலாம்"னு சொல்லிட்டு வருவாரு. எனக்குப் பத்திக்கிட்டு வரும்.

ரெண்டு பேருக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. எங்க வீட்டுக்காரருக்கு இருபது வருஷமா சர்க்கரை. மாத்திரை, நடை, இனிப்புன்னா ஏக்கப் பார்வை. தம்பிக்கு அதெல்லாம் கிடையாது. கிடையாதுன்னு அவரே சொல்லிக்குவாரு. கையில எப்பவும் ஒரு கரண்டி, கரண்டியில எப்பவும் க்ரீம், பக்கத்துல எப்பவும் ஒரு பெரிய செம்புத் தண்ணி. "எனக்கு அந்தச் சனியன் ஒட்டவே ஒட்டாது அண்ணி, நாள் பூரா நின்னு வேலை செய்யற உடம்பு"ம்பாரு. ஊசி குத்திப் பாத்தாத்தானே ஒட்டியிருக்கா இல்லையான்னு தெரியும்? அது வேற கதை. இல்ல, அதுதான் இந்தக் கதை.

பஸ் டிப்போவுல சர்க்கரை இருக்கிற டிரைவருங்க வருஷத்துக்கு ஒரு தடவை கண்ணோட உள்பக்கத்தைப் படம் எடுத்து, கண் டாக்டர் கையெழுத்தோட கொண்டு வரணும். கண்ணு சரின்னு எழுதியிருந்தா பஸ் சாவி. இல்லேன்னா ஆபீஸ்ல ஒரு நாற்காலி. எங்க வீட்டுக்காரருக்கு நாற்காலின்னாலே அலர்ஜி. அவருக்கு அந்த பஸ்தான் ரெண்டாவது பொண்டாட்டி. சில நாள் எனக்கே சந்தேகம் வரும், முதலாவது யாருன்னு.

மூணு வருஷம் முன்னாடி வலது கண்ணு படுத்தி எடுத்துடுச்சு. ஒரு நாள் காலையில கண்ணு முன்னாடி கறுப்பா நூல் நூலா மிதக்குதுன்னாரு. ஓடினோம். உள்ள புதுசா ரத்தக்குழாய் முளைச்சு, அதுல ஒண்ணு கசிஞ்சிருக்குன்னாங்க. லேசர் வெச்சு விழித்திரையோட ஓரத்தையெல்லாம் புள்ளி புள்ளியா சுட்டாங்க. அதுக்கப்புறம் வருஷா வருஷம் நானும் கூடப் போய் அந்தப் படத்தைப் பாக்கிறேன். ஆரஞ்சு நிறத்துல ஒரு வட்டம். அதுக்குள்ள மஞ்சளா சின்ன வட்டம், அதுதான் நரம்பு உள்ள நுழையற வாசல். அதுலேருந்து மேலேயும் கீழேயும் கிளை பிரியற ரத்தக்குழாய். நடுவுல கொஞ்சம் இருண்ட இடம், அதை வெச்சுத்தான் எழுத்துப் படிக்கிறோம், ஆள் அடையாளம் பாக்கிறோம். ஓரம் முழுக்க லேசர் தழும்பு, தோசைக்கல்லுல தண்ணி தெளிச்ச மாதிரி வட்ட வட்டமா, வெளுப்பும் கறுப்புமா. எங்க வீட்டுக்காரர் மூஞ்சியை விட எனக்கு அந்தப் படம் நல்லா மனப்பாடம்.

இந்த வருஷம், "நீ நேரா ஆஸ்பத்திரிக்கு வந்துடு, நான் டிப்போவுலேருந்து வந்துடறேன்"னாரு. நானும் வந்தேன். வெளிப்பக்கக் கூடத்துல வரிசையா நாற்காலி. எல்லாரும் கண்ணுக்கு மருந்து விட்டுக்கிட்டு, முகத்தை மேல தூக்கிட்டு, மழைக்காகக் காத்திருக்கிற மாதிரி உக்காந்திருந்தாங்க. மூணாவது வரிசையில எங்க வீட்டுக்காரரோட நீலச் சட்டை. முழுக்கைச் சட்டை. இந்த வெயில்ல எதுக்கு முழுக்கைன்னு நினைச்சுக்கிட்டே பக்கத்துல உக்காந்தேன்.

உக்காந்ததும் அவரு ஒரு நாற்காலி தள்ளி உக்காந்தாரு.

"என்ன, கோவமா?"ன்னேன்.

காத்துல வெண்ணிலா வாசனை அடிச்சுது. எங்க வீட்டுக்காரர்மேல டீசல் வாசனைதான் வரும்.

"கொஞ்சம் மெதுவா பேசுங்க அண்ணி"ன்னாரு அந்த ஆளு.

எனக்கு உள்ளங்கால்லேருந்து உச்சந்தலை வரைக்கும் ஜிவ்வுன்னு ஏறுச்சு. முழுக்கைச் சட்டை எதுக்குன்னு இப்ப புரிஞ்சுது. அவரு முழங்கையில அடுப்புச் சூடு பட்ட நீளத் தழும்பு ஒண்ணு இருக்கு. அதை மறைக்கத்தான்.

"தம்பி! நீங்களா? அவரு எங்க?"

"எதுத்தாப்புல டீக்கடையில. நீங்க சத்தம் போட்டீங்கன்னா அண்ணன் சோத்துல மண்ணு."

"என்னய்யா கூத்து இது?"

கூத்துதான். பல்லைக் கடிச்சுக்கிட்டு நான் கேக்க, கண்ணை மூடிக்கிட்டு அவரு சொன்னாரு. எங்க வீட்டுக்காரருக்கு ஒரு மாசமா இடது கண்ணு முன்னாடி கறுப்பா என்னமோ மிதக்குதாம். போன தடவை வலது கண்ணுக்கு வந்த அதே கதைன்னு அவரே முடிவு பண்ணிட்டாராம். ராத்திரி தூக்கமில்லையாம். என்கிட்ட சொன்னா நான் அழுவேனாம், டாக்டர்கிட்ட சொன்னா சாவி போயிடுமாம். அதனால பத்து நிமிஷம் பிந்திப் பொறந்த உடன்பிறப்புகிட்ட மட்டும் சொல்லி அழுதாராம். உடன்பிறப்பு என்ன யோசனை சொல்லுச்சு தெரியுமா? "உனக்கு என்ன அண்ணே கவலை, என் கண்ணு பளிங்கு. உன் பேருல நான் போய் உக்காந்துட்டு வரேன்."

"ஒரு மாசமா பஸ் ஓட்டிக்கிட்டா இருந்தாரு? உள்ள உக்காந்திருக்கறவங்க உசுரு என்ன உசுரு இல்லையா?"

"லீவு போட்டுட்டாரு அண்ணி. தினம் டிப்போவுக்குன்னு சொல்லிட்டு என் கடைக்கு வந்து பெட்டி மடிச்சுக் குடுக்கிறாரு."

கேட்டீங்களா! தினம் காலையில நான் டப்பாவுல சாப்பாடு கட்டிக் குடுத்து, வாசல்ல நின்னு வழியனுப்பி, அந்த மனுஷன் போய் கேக் பெட்டி மடிச்சுக்கிட்டு இருந்திருக்காரு. சிரிக்கிறதா அழுவறதா? வேலை போகுதோ இல்லையோ, கண்ணு போனா? ஒரு மாசம்! அன்னைக்கே ஓடி வந்திருந்தா போன தடவை மாதிரி காப்பாத்தியிருக்கலாமே.

"எழுந்திரிங்க தம்பி. போய் அவரை இழுத்துட்டு வரலாம்."

"மருந்து விட்டாச்சு அண்ணி. எனக்கு இப்ப உங்க மூஞ்சியே தெரியல. கலங்கலா இருக்கு."

அந்த நேரம் பாத்து மருந்து விடற நர்ஸ் டார்ச்சோட வந்துச்சு. தம்பி கண்ணுல அடிச்சுப் பாத்துட்டு, "கண் பாப்பா நல்லா விரிஞ்சிருச்சு, உள்ள வாங்க"ன்னுது.

"அண்ணி, நீங்களும் வாங்க"ன்னாரு தம்பி, பழக்கதோஷத்துல.

நர்ஸ் என்னைப் பாத்துச்சு, அவரைப் பாத்துச்சு. "யாருக்கு யாருங்க அண்ணி?"

"எங்க வீட்டுல எல்லாருக்கும் நான் அண்ணிதான்"ன்னு சொல்லிட்டு நான் முன்னாடி நடந்தேன். மானம் கப்பலேறுது, இதுல விளக்கம் வேற.

படம் எடுக்கிற அறை இருட்டு. அங்க ஒரு பொண்ணு, துருதுருன்னு. தாடையை வைங்க, நெத்தியை ஒட்டுங்க, பச்சை விளக்கைப் பாருங்க, இமைக்காதீங்கன்னு வரிசையா உத்தரவு. வெளிச்சம் பளிச்சுன்னு அடிச்சதும் பேக்கரிக்காரர் "ஐயோ!"ன்னு பின்னாடி சாய்ஞ்சாரு. அடுப்பு வாயில தலையை விடற மனுஷன், ஒரு பளிச்சுக்கு நடுங்குறாரு.

"என்ன சார், மூணு வருஷமா எடுக்கறோம், இன்னைக்குத்தான் புதுசா பாக்கிற மாதிரி பயப்படறீங்க?"ன்னுது அந்தப் பொண்ணு.

"வயசாகுதும்மா"ன்னாரு.

நேரா ஒண்ணு, மேல பாத்து ஒண்ணு, கீழ பாத்து ஒண்ணு, அந்தப் பக்கம் இந்தப் பக்கம்னு ரெண்டு கண்ணுக்கும் எடுத்து முடிச்சுது. நான் ஒரு முடிவு பண்ணிட்டேன். டாக்டரம்மா அறைக்குள்ள போனதும் நானே போட்டு உடைச்சிடறது. திட்டினா திட்டட்டும். கண் டாக்டர் கண்ணுலயே மண்ணைத் தூவற குடும்பத்துல வாக்கப்பட்டதுக்கு அது கூட வாங்கலேன்னா எப்படி?

டாக்டரம்மாவுக்கு ஒரு பழக்கம் உண்டு. படம் பாக்கும்போது யாரும் மூச்சு விடக்கூடாது. வாயைத் திறந்தா கையை மட்டும் தூக்குவாங்க, டிராபிக் போலீஸ் மாதிரி. நான் "டாக்டர், ஒரு விஷயம்"னு ஆரம்பிச்சேன். கை தூக்கிட்டாங்க. வாயை மூடிக்கிட்டேன். மேசையில பெரிய திரை. அதுல இடது பக்கம் போன வருஷப் படம், வலது பக்கம் இன்னைக்கு எடுத்தது. ரெண்டையும் ஒண்ணா வெச்சுத்தான் அவங்க பாப்பாங்க. என்ன மாறியிருக்குங்கறதுதான் முக்கியம்னு அடிக்கடி சொல்லுவாங்க.

வலது கண்ணு வந்துது.

போன வருஷப் படத்துல ஓரமெல்லாம் தழும்பு. இன்னைக்குப் படத்துல ஒண்ணு கூட இல்ல. துடைச்சு வெச்ச மாதிரி ஆரஞ்சு நிறம். அடப்பாவி மக்கா, கையில இருக்கிற தழும்பை மறைக்கத் தெரிஞ்சுது, கண்ணுல இருக்க வேண்டிய தழும்புக்கு எங்க போவீங்க?

டாக்டரம்மா மூக்குக் கண்ணாடியை நெத்திக்கு ஏத்தினாங்க. திருப்பி இறக்கினாங்க. மணியை அடிச்சு அந்தப் பொண்ணைக் கூப்பிட்டாங்க.

"யார் படத்தை இவரு பேருல ஏத்தின?"

"இவருதுதான் டாக்டர்."

"நான் இவருக்கு என் கையால லேசர் வெச்சிருக்கேன். போய் திருப்பி எடு."

திருப்பி எடுத்தாங்க. திருப்பியும் பளிச், திருப்பியும் "ஐயோ!" திரும்பி வந்த படத்துலயும் தழும்பு இல்ல. டாக்டரம்மா எழுந்து, தலையில விளக்கு மாட்டிக்கிட்டு, கையில ஒரு லென்ஸைப் பிடிச்சு, தம்பியைச் சாய்ச்சுப் படுக்கவெச்சு நேராவே உள்ள பாத்தாங்க. மேல, கீழ, இடம், வலம். ரொம்ப நேரம் பாத்தாங்க. அப்புறம் வந்து உக்காந்து என்னை ஒரு பார்வை பாத்தாங்க பாருங்க, எனக்கு நாக்கு மேலண்ணத்துல ஒட்டிக்கிச்சு.

"அதிசயம்தான்"ன்னாங்க, முகத்துல ஒரு சிரிப்பும் இல்லாம. "லேசர் தழும்புங்கறது ஆயுசுக்கும் போகாது. உங்களுக்குப் போயிடுச்சு. போனது மட்டுமில்ல, ரத்தக்குழாய் கிளை பிரியற இடமெல்லாம் கூட மாறியிருக்கு. அது கைரேகை மாதிரி, ஆளுக்கு ஆள் வேற, ஒரே ஆளுக்கு மாறவே மாறாது. என்ன சாப்பிட்டீங்க?"

"கீரை டாக்டர்"ன்னாரு தம்பி, கம்பீரமா. "தினம் கீரை. அப்புறம் நடை."

"சபாஷ். வெளியூர்லேருந்து பெரிய டாக்டருங்களை எல்லாம் வரவழைக்கறேன். உங்களை மேடையில உக்கார வெச்சு எல்லாருக்கும் காட்டணும்."

"அவ்வளவு நல்லாவா இருக்கு என் கண்ணு?"

"நல்லா இருக்குன்னு யாரு சொன்னா?"

டாக்டரம்மா குரல்ல இருந்த விளையாட்டு சட்டுனு நின்னு போச்சு. திரையில ஒரு மூலையைப் பெருசாக்கினாங்க. பேனாவோட பின்பக்கத்தால தொட்டுக் காட்டினாங்க. எறும்புக் கண்ணு மாதிரி சிவப்புப் புள்ளி. இன்னொண்ணு. இன்னொண்ணு.

"இந்தப் புள்ளியைத்தான் நாங்க முதல்ல தேடுவோம். மெல்லிசான ரத்தக்குழாய் சுவரு சர்க்கரையில பலவீனமாகி குமிழா புடைச்சுக்கும். இது கொஞ்சம் பெருசா, விளிம்பு கலங்கலா இருக்கே, இது குழாய் விட்டு ரத்தம் வெளிய வந்த இடம். இந்த மஞ்சப் பொட்டு, கசிஞ்ச தண்ணி வத்திப்போய், அதுல இருந்த கொழுப்பு தங்கிடுச்சு. நல்ல காலம், எழுத்துப் படிக்கிற நடுப்புள்ளியிலேருந்து தள்ளி இருக்கு. இடது கண்ணுலயும் புள்ளி இருக்கு. இது சர்க்கரையில அடிபட்ட கண்ணு. நேத்து முந்தாநாள் வந்த சர்க்கரை இல்ல, வருஷக்கணக்கா இருக்கிறது."

தம்பி விறுக்குனு நிமிந்து உக்காந்தாரு. ரோஷம் பொத்துக்கிட்டு வந்துடுச்சு.

"என்ன டாக்டர் சொல்றீங்க? எனக்குச் சர்க்கரையே கிடையாதே!"

டாக்டரம்மா மேசையில இருந்த தடிமனான ஃபைலைப் பாத்தாங்க. அதோட அட்டையில சிவப்பு மையில பெருசா எழுதியிருந்துது: சர்க்கரை, இருபது வருஷம்.

நுணலும் தன் வாயால் கெடும்னு சும்மாவா சொன்னாங்க!

எனக்கு எங்கிருந்து வந்துதுன்னு தெரியல, சிரிப்பு வந்துடுச்சு. அடக்கப் பாத்தேன், மூக்கு வழியா வந்துது. டாக்டரம்மா உதட்டைக் கடிச்சுக்கிட்டாங்க. படம் எடுக்கிற பொண்ணு சுவரைப் பாத்துத் திரும்பிக்கிச்சு, தோளு குலுங்குது. தம்பி மட்டும் கண்ணு விரிஞ்சுபோய், யாரு மூஞ்சியும் தெரியாம, ஒவ்வொரு பக்கமா திரும்பித் திரும்பிப் பாத்தாரு. அப்புறம்தான் அவருக்கு உறைச்சுது. "அண்ணி"ன்னாரு, சின்னக் குழந்தை குரல்ல.

"இவரு என் கொழுந்தனாரு டாக்டர்"ன்னேன் நான். "இரட்டைப் பிறவி. முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கலாம்னு பாத்தாங்க. நான் முதல்லயே சொல்ல வந்தேன், நீங்க கையைத் தூக்கிட்டீங்க."

"உண்மையான ஆளு எங்க?"

"டீக்கடையில."

"அவருக்கு என்ன பயம்?"

சொன்னேன். கேக் பெட்டி மடிச்சதுலேருந்து ஆரம்பிச்சேன், ஒரு மாசமா கறுப்பா மிதக்குதுன்னதும் டாக்டரம்மா நாற்காலியைப் பின்னாடி தள்ளிட்டாங்க. "ஒரு மாசமாவா? போங்க, இந்த நிமிஷம் கூட்டிட்டு வாங்க. வரலேன்னா நானே வரேன்"னாங்க. அந்தக் குரல்ல சிரிப்பே இல்ல. என் சிரிப்பும் அங்கேயே செத்துப் போச்சு.

ரோட்டை எப்படித் தாண்டினேன்னு இன்னைக்கும் தெரியாது. ரெண்டு ஸ்கூட்டர்காரன் என்னைத் திட்டினான், ரெண்டு பேரையும் நான் திருப்பித் திட்டினேன். டீக்கடை மூலையில எங்க வீட்டுக்காரரு, தம்பியோட அரைக்கைச் சட்டையைப் போட்டுக்கிட்டு, ஆறிப்போன டீயைக் கையில வெச்சுக்கிட்டு உக்காந்திருந்தாரு. என்னைப் பாத்ததும் முகம் வெளுத்துடுச்சு.

"எழுந்திரி"ன்னேன். கல்யாணமாகி இத்தனை வருஷத்துல நான் அவரை 'எழுந்திரி'ன்னது அதுதான் முதல் தடவை.

"கோச்சுக்காத. நான் சொல்றதைக் கேளு."

"கண்ணு போயிட்டா எந்த பஸ்ஸை ஓட்டுவீங்க? என் மூஞ்சியை எப்படிப் பாப்பீங்க?"

கடைக்காரரு டீ ஆத்தறதை நிறுத்திட்டாரு. எங்க வீட்டுக்காரரு தலை குனிஞ்சுக்கிட்டாரு. "அதைத்தான் நினைச்சேன். போனா போகட்டும், அது தெரியற நாளைக் கொஞ்சம் தள்ளிப் போடலாமேன்னு"ன்னாரு. எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு. ஆனாலும் காலரை விடல. காலரைப் பிடிச்ச பிடியிலயே ரோட்டைத் தாண்டி, படியேறி, கூடத்துக்குள்ள கொண்டு வந்தேன். மருந்து விடற நர்ஸ் எங்க வீட்டுக்காரரைப் பாத்துச்சு. உள்ள உக்காந்திருந்த தம்பியை எட்டிப் பாத்துச்சு. "எனக்கு மருந்து விட்டுக்கணும் போலிருக்கே"ன்னுது.

மருந்து, காத்திருப்பு, இருட்டு அறை, பளிச். எங்க வீட்டுக்காரரு இமைக்கவே இல்ல. பழகின கழுதை.

திரையில படம் வந்தப்போ நான் அவரு கையைப் பிடிச்சுக்கிட்டேன். தம்பி அந்தப் பக்கத்துக் கையைப் பிடிச்சுக்கிட்டாரு. வலது கண்ணு: என் பழைய சிநேகிதங்க, எல்லாத் தழும்பும் அங்கங்கேயே இருந்துது. தழும்பைப் பாத்து சந்தோஷப்பட்ட பொம்பளை உலகத்துலயே நான் ஒருத்தியாத்தான் இருப்பேன். அப்புறம் இடது கண்ணு. மஞ்ச வாசலைப் பெருசாக்கிப் பாத்தாங்க. குழாய் வழியா ஒவ்வொரு கிளையா போனாங்க. நடுப்புள்ளிக்கு வந்தாங்க. அதோட விடல, தலையில விளக்கை மாட்டி, படத்துல விழாத ஓரம் வரைக்கும் நேராவே பாத்தாங்க.

கடைசியா விளக்கைக் கழட்டி வெச்சாங்க.

"நல்லாக் கேட்டுக்கோங்க. நான் தேடினது நாலு விஷயம். புது ரத்தக்குழாய் முளைச்சிருக்கான்னு பாத்தேன், இல்ல. ரத்தம் கசிஞ்சு உள்ள நிக்குதான்னு பாத்தேன், இல்ல. நடுப்புள்ளி வீங்கியிருக்கான்னு பாத்தேன், இல்ல. விழித்திரை எங்கயாவது கிழிஞ்சிருக்கான்னு பாத்தேன், அதுவும் இல்ல. சிவப்புப் புள்ளி கொஞ்சம் இருக்கு, போன வருஷம் இருந்த அதே அளவுதான்."

"அப்ப மிதக்கிறது?"ன்னாரு எங்க வீட்டுக்காரரு.

"கண்ணுக்குள்ள கூழு மாதிரி ஒண்ணு இருக்கு. வயசானா அது சுருங்கி, விழித்திரையை விட்டு விலகும். அதோட நிழல் மிதக்கிற மாதிரி தெரியும். எல்லாருக்கும் வர்றதுதான், எனக்கும் இருக்கு. ஆனா அது இதுதான்னு நீங்களா முடிவு பண்ணக்கூடாது. அடுத்த தடவை புதுசா ஏதாவது மிதந்தாலோ, கண்ணுக்குள்ள மின்னல் அடிச்சாலோ, கறுப்பாத் திரை விழுந்த மாதிரி மறைச்சாலோ, அன்னைக்கே வரணும். ஒரு மாசம் கேக் பெட்டி மடிச்சிட்டு வரக்கூடாது."

"சாவி?"ன்னாரு.

"லேசர் வெச்ச கண்ணாச்சே. நாளைக்கு வந்து பக்கப் பார்வையையும் சோதிச்சுக்கோங்க. போன வருஷம் மாதிரியே இருந்தா, கையெழுத்துப் போட எனக்கு ஒண்ணும் தடையில்ல."

எங்க வீட்டுக்காரரு எழுந்து நின்னாரு. உக்காந்தாரு. திரும்பவும் எழுந்து நின்னு, டாக்டரம்மாவைக் கும்பிடறேன்னு நினைச்சுக்கிட்டு, கண்ணு தெரியாம தண்ணி ஜாடியைக் கும்பிட்டாரு. அவ்வளவுதான், அறையே சிரிச்சுது. நான் சிரிச்சுக்கிட்டே அழுதேன், அழுதுக்கிட்டே அவரு தோள்ல ரெண்டு வெச்சேன். தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சு. பளிங்குக் கண்ணு வேஷம் போட்டு மறைக்கப் பாத்த கண்ணு, வேஷமே இல்லாம தானா பாஸாகியிருக்கு!

தம்பிதான் சிரிக்கல. அந்த நர்ஸ் அவரு விரல்ல ஊசி குத்திக்கிட்டு இருந்துச்சு. மிஷின்ல முந்நூறைத் தாண்டி ஓடுச்சு எண்ணு. டாக்டரம்மா அந்தப் பழைய ஃபைலை மூடி ஓரமா வெச்சுட்டு, தம்பியோட சொந்தப் பேருல புது அட்டை ஒண்ணு போடச் சொன்னாங்க.

"என்ன டாக்டர், நான் அண்ணனுக்காக வந்தேன். இப்ப எனக்கா?"

"ஒரே கருவுல பொறந்தவங்க. ஒருத்தருக்கு வந்தா இன்னொருத்தருக்கு வர்றதுக்கு வாய்ப்பு ரொம்ப ஜாஸ்தி. எப்பவோ பாத்திருக்கணும்"ன்னாங்க டாக்டரம்மா. இந்தத் தடவை குரல் இதமா இருந்துது. "உங்களுக்கு லேசர் இப்ப வேண்டாம். சர்க்கரையும் ரத்த அழுத்தமும் கட்டுக்குள்ள வந்தா இந்தப் புள்ளி எல்லாம் அடங்கவும் அடங்கும். சில மாசத்துல திரும்பப் பாக்கணும். ஒண்ணு சொல்றேன். உங்களுக்கு வலியும் இல்ல, பார்வையும் குறையல. இன்னும் நாலஞ்சு வருஷம் உங்களுக்கு ஒண்ணுமே தெரிஞ்சிருக்காது. தெரிஞ்சு வர்ற அன்னைக்கு நான் என்ன பண்ணியிருக்க முடியும்னு எனக்குத் தெரியாது. இந்தத் திருட்டுத்தனம் பண்ணாம இருந்தா நீங்க இங்க வந்திருக்கவே மாட்டீங்க."

"அப்ப, நாங்க பண்ணது சரிங்கறீங்களா?"

"வெளிய போங்க ரெண்டு பேரும்."

வெளிய வந்தா உச்சி வெயில். ரெண்டு பேருக்கும் கண் பாப்பா விரிஞ்சு கிடக்கு. பொட்டிக்கடையில ஆளுக்கு ஒரு கறுப்புக் கண்ணாடி வாங்கிப் போட்டு விட்டேன். அது அது மூஞ்சிக்கு மாத்திப் போட்டாலும் ஒண்ணுதான், ரெண்டும் ஒரே அளவு. இந்தக் கையில ஒண்ணு, அந்தக் கையில ஒண்ணா பிடிச்சுக்கிட்டு ரோட்டோரமா நின்னேன். போறவங்க எல்லாம் திரும்பித் திரும்பிப் பாக்கிறாங்க. டீக்கடைக்காரரு டம்ளரைக் கீழ வெச்சுட்டு வெளியவே வந்துட்டாரு.

அப்ப என் போன் அடிச்சுது. ஓரகத்தி.

"அக்கா, உங்க கொழுந்தனாரைக் காலையிலேருந்து காணோம். கடையில க்ரீம் எல்லாம் உருகுது. பெரியவரும் பெட்டி மடிக்க வரல. ரெண்டும் எங்கன்னு தெரியுமா?"

"ரெண்டும் என் கையில இருக்குடி. கூட்டிட்டு வரேன். நீ ஒரு காரியம் பண்ணு. அந்தக் க்ரீம் கரண்டியை எடுத்து ஒளிச்சு வை."

"எதுக்குக்கா?"

"வந்து சொல்றேன்."

தம்பி தலை குனிஞ்சு நின்னாரு. கறுப்புக் கண்ணாடிக்குக் கீழ கன்னத்துல தண்ணி ஓடுச்சு. மருந்துத் தண்ணியா, கண்ணீரான்னு நான் கேக்கல. "நான் உனக்கு உதவி பண்ணலாம்னு வந்தேன் அண்ணே"ன்னாரு.

எங்க வீட்டுக்காரரு என் கையை விட்டுட்டு, என்னைச் சுத்தித் தடவித் தடவிப் போய், தம்பி கையைப் பிடிச்சுக்கிட்டாரு. "பண்ணிட்டியேடா. இருபது வருஷமா நான் இதுல தனியா நடந்தேன். இனிமே துணைக்கு நீ இருக்க. காலையில ஆறு மணிக்கு வாசல்ல நில்லு. நடக்கப் போகணும்."

"ஆறு மணிக்கு எனக்கு அடுப்பு இருக்கு அண்ணே."

"அப்ப அஞ்சு மணிக்கு நில்லு."

சிக்னல் விழுந்துது. "சரி, நடங்க"ன்னேன். ரெண்டு பேரும் ஒண்ணா வலது காலை எடுத்து வெச்சாங்க.

அவசரத்துல நான் யாரு கையைப் பிடிச்சேன்னு பாக்கல. பாதி ரோட்டுல வெண்ணிலா வாசனை வந்துது.

"அண்ணி"ன்னாரு அவரு மெதுவா, "அண்ணன் அந்தப் பக்கம்."

"தெரியும் தம்பி"ன்னேன். கையை விடல. "இனிமே நீங்களும் என் கணக்குதான். நடங்க."